சோறு சமைக்கும் முறைகள்: வடித்தலும் வற்றவைத்தலும்

அரிசியைச் சோறாக்கும் முறைகள் பெரும்பான்மையும் இரண்டு வகையில் அடங்கும். அரிசி உறிஞ்சக்கூடிய அளவினும் மிகுதியான நீரில் அதனை வேகவிட்டு, வெந்த பதத்தில் எஞ்சிய நீரைக் கஞ்சியாகப் பிரித்தெடுப்பது வடித்தல். அரிசிக்கு வேண்டிய நீரை மட்டும் அளந்து வார்த்து, அது முழுவதும் அரிசியிலேயே அடங்கும்வரை வேகவிடுவது வற்றவைத்தல். தமிழகத்தில் நீண்ட காலம் வீட்டுச் சமையலின் பொது வழக்காக இருந்தது முன்னது. பொங்கலுக்கும் சித்திரான்னங்களுக்கும் உரியதாக இருந்த பின்னது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அன்றாடச் சோற்றுக்கும் உரிய முறையாயிற்று.

பண்டைய வழக்கு

சோறு வடிக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதற்குப் பட்டினப்பாலை சான்று. கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்நகரத்து அறச்சாலைகளில் வடித்த கொழுமையான கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடியதையும், அதில் காளைகள் பொருததால் தெரு சேறாகியதையும் வருணிக்கிறார். கவிஞரின் மிகைக்கு இடங்கொடுத்துப் பார்த்தாலும், பெருந்திரளுக்குச் சோறு ஆக்கும் இடத்தில் கஞ்சி உபயோகத்துக்கு மிஞ்சிய பொருளாகிவிடும் என்ற உண்மை அதனால் விளங்குகிறது.

இந்த முறை நிலைத்ததற்குக் காரணங்கள் அடுப்பிலும் பானையிலும் அரிசியிலும் இருந்தன. விறகடுப்பில் உஷ்ணத்தை நினைத்தபடி கூட்டவோ குறைக்கவோ எளிதில் இயலாது. நீரை அளந்து வைத்தால், தீ ஓங்கிய நாளில் அது அரிசி வேகுமுன் வற்றி அடிப்பிடிக்கும். தீ தணிந்த நாளில் சோறு ஊறிக் குழையும். மிகுதியான நீரில் வேகும் அரிசிக்கோ தீயின் ஏற்றத்தாழ்வு அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை. பதம் வந்த கணத்தில் வடித்துவிட்டால் போதும். பழைய அரிசி அதிக நீரும் புதிய அரிசி குறைந்த நீரும் கொள்ளும் வேறுபாட்டையும் இம்முறையில் முன்கூட்டிக் கணக்கிட வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி, அளவை நம்பாமல் பதத்தை நம்பிய இந்தச் சமையலிலிருந்தே பிறந்தது.

இவற்றோடு உண்பவரின் சுவையும் சேர்ந்தது. அரிசியின் மாப்பொருள் அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இரு கூறுகளால் ஆயது. தமிழ்நாட்டில் சோற்றுக்கு விரும்பப்படும் ரகங்களில் அமைலோஸ் மிகுந்திருப்பதால் அவை உதிரியாக வேகும். ஒட்டும் தன்மையுள்ள ஜப்பானிய அரிசியில் அது குறைவு. கொதிக்கும்போது மணியிலிருந்து கசியும் மாப்பொருளைக் கஞ்சியோடு நீக்கிவிட்டால் சோறு இன்னும் பொலபொலவென்று இருக்கும். குழம்பும் ரசமும் ஊற்றிப் பிசைந்து உண்பார்க்கு அதுவே விருப்பம்.

வடிக்கும் முறை

இரண்டு மூன்று பேருக்குரிய 250 கிராம் புழுங்கலரிசியை எடுத்துக்கொள்வோம். அதனைக் களைந்து கல் அரித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, சுமார் 2 லிட்டர் நீரை உலை வைத்து, அது நன்றாகக் கொதித்த பின்பே அரிசியை இடவேண்டும். மீண்டும் கொதி வரும்போது நுரை பொங்கி வழியப் பார்க்கும். அப்போது மூடியைச் சற்றே நகர்த்தி, அகப்பையால் ஒருமுறை அடிவரை கிளறிவிட்டு, தீயைத் தணிக்க வேண்டும். அரிசியின் தன்மைக்கேற்ப இருபது நிமிஷம் முதல் அரை மணிக்கு மேலும் ஆகலாம்.

பதம் பார்க்க ஒரு சோற்றை எடுத்து விரலிடை நசுக்குவர். நடுவில் கெட்டியான வெண்புள்ளி தென்பட்டால் இன்னும் வேகவேண்டும். புள்ளி மறைந்தும் மணி உருக்குலையாமலும் இருப்பதே வடிக்கும் தருணம். வடித்த பின்னும் பானையின் உஷ்ணத்தில் சோறு சிறிது வேகுமாதலால், அனுபவமுள்ளவர்கள் அணுவளவு முன்னதாகவே இறக்குவர். மூடியைத் துணியால் இறுகப் பிடித்து, பானையைக் கஞ்சிச் சட்டியின்மேல் சாய்த்துப் பத்து நிமிஷம்வரை வைத்திருந்து, சொட்டுவது நின்றபின் நிமிர்த்தி ஒருமுறை குலுக்கி, தணலின்மேல் சிறிது நேரம் வைத்தால் எஞ்சிய ஈரமும் ஆவியாகிவிடும். தருணம் தவறி வடித்தால் மணிகள் பிளந்து, கஞ்சி கொழகொழத்து இறங்க மறுக்கும். அவ்வாறு இறங்கத் தயங்கும் கஞ்சியே சோறு குழைந்தது என்பதற்கு முதல் அடையாளம்.

வற்றவைக்கும் முறையின் பரவல்

அளந்த நீரில் சமைப்பதற்கு, உஷ்ணம் ஒரே சீராக இருப்பது இன்றியமையாதது. 1910-ல் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கர், அடுக்குப் பாத்திரங்களில் சோறும் பருப்பும் காய்கறியும் நீராவியால் மெல்ல வேகும்படி அமைக்கப்பட்டிருந்தது; தமிழகத்தில் ருக்மணி குக்கர் என்ற பெயரில் அறியப்பட்ட அடுக்குப் பாத்திரமும் இவ்வினத்ததே. இவற்றில் வடிப்பதற்கு இடமே இல்லை. நீரை அளந்தே வைக்கவேண்டும்.

1679-ல் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் செய்துகாட்டிய அழுத்தக் கொதிகலத்தின் வழிவந்த பிரஷர் குக்கர், 1959-ஐ ஒட்டி இந்தியாவிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது. அழுத்தம் கூடுவதால் உள்ளிருக்கும் நீர் 100 பாகை செல்சியஸுக்கு மேல், ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகிறது. சமையல் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன. பச்சரிசிக்கு இரண்டு பங்கும் புழுங்கலரிசிக்கு இரண்டரை முதல் மூன்று பங்கும் நீர் என்பது இதற்குரிய பொதுக் கணக்கு. நீர் குறைந்தால் சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். மிகுந்தால் மேலே குழைந்து, அடியில் பசைபோல் படியும். மூடியபின் பதம் பார்க்க இயலாமையே இதன் முக்கியமான குறை. புதிய மூட்டை அரிசியை முதன்முறை சமைக்கும்போது இக்குறை நன்கு வெளிப்படும்.

கஞ்சியோடு போவது என்ன?

கஞ்சி வடிப்பது சத்தை வீணாக்குவதா என்ற விவாதத்துக்கு விஞ்ஞான அடிப்படை தந்தது பெரிபெரி என்னும் நோய். தயாமின் என்ற பி1 ஜீவசத்தின் குறைவால் விளையும் இந்நோய், சென்னை மாகாணத்தின் வட பகுதியாகிய சர்க்கார் ஜில்லாக்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டை ஒட்டிய பி1 சத்து மணியின் உட்புறம் சென்று பதிவதே இவ்வேற்றுமைக்குக் காரணம். குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிவைத்த ஆராய்ச்சியை, 1935 முதல் அங்கு உணவு ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய ஏக்ராய்ட் தம் சகாக்களுடன் தொடர்ந்து, தீட்டுதல், களைதல், வடித்தல் ஆகிய ஒவ்வொரு படியிலும் சத்து எவ்வாறு கழிகிறது என்று பரிசோதித்தார். தீட்டிய பச்சரிசியைப் பலமுறை கசக்கிக் களைவதாலேயே எஞ்சியிருக்கும் பி1 சத்தில் பாதிக்கு மேற்பட்டது போய்விடக்கூடும் என்பதும், புழுங்கலரிசியில் அந்நஷ்டம் மிகக் குறைவு என்பதும் அவ்வாராய்ச்சிகளால் தெளிவாயின.

ஆகவே, நஷ்டத்தின் பெரும்பகுதி கஞ்சி வடிப்பதற்கு முன்பே, ஆலையிலும் களைநீரிலும் நேர்ந்துவிடுகிறது. வடிகஞ்சியில் இறங்குவது மற்றொரு பகுதி. ஆனால் அது அழிந்துவிடுவதில்லை, கஞ்சியைப் பருகினால் பெருமளவு மீண்டும் கிடைக்கும். மேற்சொன்ன 250 கிராம் அரிசியை வடித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட கஞ்சி கிடைக்கும். அதில் கரைந்திருக்கும் திடப்பொருள் அரிசியின் எடையில் நூற்றுக்கு ஐந்து அளவில், அதாவது சுமார் 12 கிராம் என்று கொள்ளலாம். குழைய வேகும் பச்சரிசியில் இது இன்னும் கூடும். கஞ்சியை வடித்துவிட்டால் சோற்றில் சர்க்கரைச் சத்து நீங்கிவிடும் என்று நீரிழிவு நோயாளர் பலர் நம்புவது எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கும் இக்கணக்கே விடை: இருபதில் ஒரு பங்கு நீங்க, பத்தொன்பது பங்கு தட்டில்தான் இருக்கிறது.

வடிகஞ்சியின் உபயோகங்கள்

இளஞ்சூட்டில் உப்பிட்டு, மோர் கலந்தோ சிறிது சோற்றைக் கரைத்தோ பருகுவதே இதன் நேரான உபயோகம். வயிற்றுப்போக்கில் கஞ்சி கொடுக்கும் பழைய வழக்கத்துக்கும் நியாயம் உண்டு. மாப்பொருள் குடலில் மெல்லச் சர்க்கரையாக மாறி, உப்பும் நீரும் உட்கவரப்படத் துணைசெய்கிறது. அரிசி மாவைக் கொண்டு தயாரிக்கும் உப்புக் கரைசல் வாந்திபேதிச் சிகிச்சையில் பயன்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே. ஆயினும் வடிகஞ்சியின் செறிவும் உப்பின் அளவும் வீட்டுக்கு வீடு மாறுமாதலால், கடுமையான பேதியில் அளவிட்ட கரைசலுக்கு அது பதிலாகாது.

துணிக்குக் கஞ்சி போடுவோர், அதனைச் சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். ஆறினால் அமைலோஸ் இறுகி மேலே ஆடையாகவும் பின்னர் கூழாகவும் உறைந்துவிடும். வடிகட்டியதைக் குளிர்ந்த நீரில் விளாவி, அலசிப் பிழிந்த துணியை முழுவதும் நனையுமாறு தோய்த்து, பிழிந்து உலர்த்தி, நீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். கஞ்சி செறிவாக இருந்தால் கருமையான துணியில் வெண்திட்டுகள் தோன்றும்; நீண்ட நாள் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி ஆகாது, பூச்சி அரிக்கும். கைத்தறியாளர் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி ஊட்டுவதும் இதே குணத்தை ஒட்டியது. நூலின் மேற்பிசிறுகள் படிந்து, தறியின் உராய்வில் இழை அறாமல் நிற்கிறது.

எஞ்சியது கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுக்கு ஆகாரமாகும். நீர்த்த கஞ்சியைத் தவிட்டோடு கலந்து கொடுப்பதில் தீங்கில்லை. விசேஷ நாட்களில் மிஞ்சும் சோற்றையும் கெட்டிக் கஞ்சியையும் ஒரே வேளையில் நிறைய வைத்தால், மாட்டின் முதல் வயிற்றில் மாப்பொருள் விரைவில் புளித்து அமிலம் மிகுந்து, வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இன்றைய நிலை

சிறு குடும்பங்களில் குக்கர் நிலைபெற்றுவிட்ட இக்காலத்திலும், கல்யாணப் பந்திச் சமையலில் அண்டாவில் சோறு வடிப்பதே பெருவழக்கு. பல படி அரிசியை அளந்த நீரில் அடக்கினால், மேலிருக்கும் சோற்றின் பாரத்தில் அடிச்சோறு நசுங்கிக் குழைந்து, மேற்புறம் வேகாமல் நிற்கும். ஆகையால் வடித்து அகலமாகப் பரப்பி ஆவியைப் போக்கியாக வேண்டும். வடிப்பதா வற்றவைப்பதா என்பதை அளவும் அரிசியின் இனமும் கஞ்சியின் உபயோகமும் தீர்மானிக்கின்றன: கஞ்சியைப் பயன்படுத்தும் வீட்டில் புழுங்கலரிசியை வடிப்பதால் நஷ்டம் சொற்பம், கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றும் வீட்டில், அதிலும் நன்கு தீட்டிய பச்சரிசியைச் சமைக்கும் வீட்டில், ஒருமுறை இலேசாகக் களைந்து வற்றவைப்பதே தக்கது.