'தே கியேரோ'ன்னா 'நீ வேணும்'மா, 'உன்னை நேசிக்கிறேன்'னா? ஸ்பானிஷ் பாட்டு கேட்பவர்களுக்கு ஒரு கைடு!

ஸ்பானிஷ் பாட்டு கேட்கிறவரா நீங்கள்? அப்படின்னா 'கியேரோ' என்ற சொல் உங்கள் காதில் பல தடவை விழுந்திருக்கும். மொழிபெயர்ப்பைத் தேடினால் ஒரு பாட்டில் 'வேண்டும்' என்று இருக்கும். இன்னொரு பாட்டில் அதே சொல்லுக்கு 'காதலிக்கிறேன்' என்று இருக்கும். ரெண்டும் சரிதான். 'கெரேர்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு இந்த ரெண்டு அர்த்தமும் உண்டு. 'கியேரோ' என்பது அதை 'நான்' என்று சொல்லும் வடிவம்.

தேடலில் பிறந்த சொல்

இதன் மூலம் 'க்வைரெரே' என்ற லத்தீன் சொல். அதற்கு 'தேடுவது', 'கேட்பது' என்று பொருள். லத்தீனில் 'வேண்டும்' என்பதற்கு 'வெல்லே' என்று தனிச்சொல் இருந்தது. ஸ்பானிஷில் அது வழக்கொழிந்துபோக, அந்த இடத்துக்கு 'கெரேர்' வந்தது. தேடுகிற பொருள் நமக்கு வேண்டிய பொருள்தானே! அதுவே ஒரு மனிதர் என்றால்? அவரை வேண்டுவது, அவர்மேல் பிரியம் வைப்பதாக மாறிவிடுகிறது.

நமக்கும் இது புதுசில்லை. 'மாற்றத்தை விரும்புகிறேன்' என்றால் ஆசை. 'அவளை விரும்புகிறேன்' என்றால் காதல். 'விரும்பு' செய்யும் அதே வேலையைத்தான் 'கெரேர்' செய்கிறது.

ஒரு எழுத்து செய்யும் வேலை

எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'ஆ' என்ற ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள். 'கியேரோ ஊனா என்ஃபெர்மேரா' என்றால் 'எனக்கு ஒரு நர்ஸ் வேண்டும்'. யாராக இருந்தாலும் சரி, ஊசி போட ஆள் வந்தால் போதும். 'கியேரோ ஆ ஊனா என்ஃபெர்மேரா' என்றால் 'நான் ஒரு நர்ஸைக் காதலிக்கிறேன்'. இவர் ஒரு குறிப்பிட்ட பெண்.

இந்த 'ஆ' கிட்டத்தட்ட நம் 'ஐ' உருபு மாதிரி. 'காபி குடிச்சேன்' என்று உருபு இல்லாமல் சொல்லலாம். 'ரவி பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'ரவியைப் பார்த்தேன்' என்றுதான் சொல்லணும். ஸ்பானிஷிலும் குறிப்பிட்ட மனிதருக்கு முன்னால் 'ஆ' வரும். செல்லமாக வளர்க்கும் நாய்க்கும் அந்த மரியாதை உண்டு. ஆனால், பாடும்போது இது பக்கத்து உயிரெழுத்தோடு கலந்துவிடும். அதனால் காதை மட்டும் நம்பாமல் வரிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்து என்ன வருகிறது?

பாடல்களில் அதிகம் கேட்பது 'தே கியேரோ'. 'தே' என்றால் 'உன்னை'. இங்கே 'ஆ' தேவையில்லை என்பதால், அடுத்து வரும் சொல்லைப் பார்க்கணும். நினோ பிராவோ 1970-ல் பாடிய 'தே கியேரோ, தே கியேரோ' பாட்டின் தலைப்பில் அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. அப்போது அது காதல்தான்.

பின்னால் இன்னொரு வினைச்சொல் வந்தால் கதை மாறிவிடும். 'தே கியேரோ வேர்' என்றால் 'உன்னைப் பார்க்கணும்'. 'தே கியேரோ அக்கீ' என்றால் 'நீ இங்கே இருக்கணும்'. லூயிஸ் ஃபோன்ஸியின் 'டெஸ்பாசீத்தோ' பல்லவியிலும் 'கியேரோ'வை ஒட்டி வினைச்சொல்தான் வருகிறது. அங்கே அவர் சொல்வது காதலை அல்ல, செய்ய நினைக்கும் ஆசைகளை.

பாட்டுக்குள் ஒரு சின்ன பொறி இருக்கிறது. 'தே கியேரோ' என்று பாடகர் இழுத்து நிறுத்தும்போது, கேட்பவர் 'காதலைச் சொல்லிட்டார்' என்று நினைப்பார். ஒரு மூச்சு விட்டு 'வேர்' என்று முடித்தால், சொன்னது 'பார்க்கணும்' என்று ஆகிவிடும். பேச்சில் இந்த இடைவெளி கிடைக்காது, மெட்டு அதைக் கொடுக்கிறது. சப்டைட்டில் போடுபவர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டால் அர்த்தமே தப்பாகிவிடும்.

'தே ஆமோ'வும் இருக்கே?

ஆமாம், 'காதலிப்பது' என்பதற்கு 'அமார்' என்று நேரடியான சொல்லும் உண்டு. 'தே ஆமோ' கனமானது. காதலர்கள், தம்பதிகள் மனசு முழுக்கச் சொல்வது. 'தே கியேரோ' அன்றாடப் பிரியம். அம்மா பிள்ளையிடமும் தோழி தோழியிடமும் சொல்லலாம், காதலர்களும் சொல்லலாம். எங்கே கோடு போடுவது என்பது நாட்டுக்கு நாடு, வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும்.

கியூபாவின் கொன்சாலோ ரோய்க் இசையமைத்த 'கியேரெமே முச்சோ' பாட்டின் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'என்னை' என்பதற்கான 'மே' வினையோடு ஒட்டியிருக்கிறது. 'முச்சோ' என்றால் 'நிறைய'. பின்னால் வேறு வினையும் இல்லை, இடமும் இல்லை. அதை 'என்னை நிறைய வேண்டு' என்று பெயர்த்தால் பாட்டே செத்துவிடும். 'என் மேல ரொம்பப் பிரியமா இரு' என்பதுதான் அந்தத் தலைப்பு கேட்பது.