பின்னோக்கும் கதையும் நிகழ்ச்சியின் முன்பின்னும்: உடப்புசல்லாவை நோக்கில் சில குறிப்புகள்

கதையொன்றில் நிகழ்ச்சிகள் நடந்த வரிசை வேறு. அவை சொல்லப்படும் வரிசை வேறு. 1920களில் ரஷ்ய உருவவாதிகள் இவ்விரண்டையும் பிரித்து இருவேறு பெயர்களால் சுட்டினர். 1972இல் பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனெத் இவ்வேறுபாட்டை விரிவாக வகைப்படுத்தினார். ஆயின் உருவவாதிகளின் நோக்கு பெரும்பாலும் உத்தி என்ற அளவிலே நின்றுவிட்டது. முன்பின் மாறிச் சொல்லப்படும் கதையில் உண்மையான வரிசை தெளிவாகாதவிடத்து யாருக்கு என்ன இழப்பு என்ற வினாவை அவர்கள் எழுப்பவில்லை. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் அவ்வினாவிற்குச் சட்டத்தின் வாயிலாகவே விடை கிடைத்தது. உடப்புசல்லாவைப் பகுதியின் சூழலைக் கொண்டு அதனை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

பின்னோக்கிச் சொல்லுதல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுரை எரியுண்ட பின்னரே மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றிக் கோவலனின் முற்பிறப்புக் கதையைக் கூறுகின்றது. கலிங்க நாட்டிலே சங்கமன் என்னும் வணிகன் ஒற்றனெனக் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கொலையுண்டதும், அவன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து சாபமிட்டு இறந்ததும் அங்கு வருகின்றன. விளைவு முன்னும் காரணம் பின்னுமாகக் கதை அமைந்தும் படிப்போர் தடுமாறுவதில்லை. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பது வெளிப்படை. இடப்பெயர்களும் வேறு. அத்துடன் பதினான்கு நாள் என்ற எண், கண்ணகி தன் கணவனைக் காணவிருக்கும் பதினான்காம் நாளோடு இரு காலங்களையும் இணைத்துவிடுகின்றது. ஆயினும் இங்குப் பின்னோக்கின் பணி ஊழ்வினையை நிறுவுவதாகும். காரணம் மனித வரலாற்றுக்கு வெளியே வைக்கப்படுகின்றது. தோட்டத் தொழிலாளரின் கதையிலோ காரணம் கூலியிலும் கடனிலும் சட்டத்திலும் உள்ளது. எனவே அங்கு வரிசை குழம்பினால் காரணமும் குழம்பும்.

தோட்டத்து நினைவு நாட்காட்டியைக் கொண்டு இயங்குவதன்று. லயத்து முதியோர் ஆண்டெண் கூறுவது அரிது. துண்டு இருந்த காலம், சின்ன ரயில் ஓடிய காலம், முதன்முதல் சங்கம் வந்த காலம், வோட்டுப் போட்ட காலம் என்றே அவர்கள் காலத்தைப் பகுப்பர். இவை வெறும் அடைமொழிகளல்ல. ஒவ்வொன்றுக்கும் தொடக்கமோ முடிவோ உண்டு. தொழிலாளி தோட்டம் மாறுவதற்குக் கங்காணியின் கடனைத் தீர்த்துப் பெறவேண்டியிருந்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்றதும் உடப்புசல்லாவையின் பெயரால் வழங்கியதுமான குறுகிய இரயிற்பாதை 1904 அளவில் இராகலையை அடைந்து, 1940களில் மூடப்பட்டது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தது 1931இல் ஆகும். ஆகவே ஒரு கதையில் தொழிலாளி ஒருவன் துண்டுக்காகக் கங்காணியிடம் கெஞ்சும் அதே வேளையில் சம்மேளனக் கூட்டத்திற்கும் செல்வானாயின், அங்குக் காலம் பிழைத்துவிட்டது என்று துணியலாம்.

இம்முறை எவ்வாறு செயற்படும் என்பதைக் காட்ட, எடுத்துக்காட்டிற்கெனக் கட்டப்பட்ட ஒரு கூற்றை இங்குத் தருகின்றோம். இந்தியாவுக்கு அனுப்பப்படவிருக்கும் மணமாகாத தன் கொழுந்தனைப் பற்றி உடப்புசல்லாவை லயமொன்றின் மூதாட்டி 1970களில் சொல்வதாகக் கொள்வோம்:

"இப்ப அவரு ஊருக்குப் போகப் போறாரு, பாஸ்போட்டு வந்திருச்சு. அன்னைக்கே எழுதிக் குடுத்தோம், இல்லைன்னுட்டாங்க. அவரு ஒரு வாட்டி ஊருக்குப் போயி ரெண்டு வெள்ளாம இருந்திட்டு வந்தாரு, அதத்தான் கேட்டாங்க. வோட்டுப் போட்ட மறு வருசம் அவரு ஆத்தா ஊரிலே செத்துப்போச்சுன்னு காயிதம் வந்துச்சு, அதுக்குத்தான் போனாரு. அந்த ஆத்தா கைப்புள்ளையா அவர வச்சுக்கிட்டு ராகல ரயிலடியில வந்து எறங்குனவ. அப்ப துண்டு இருந்துச்சு."

இக்கூற்று நான்கு காலங்களைத் தொடுகின்றது. ஒவ்வொன்றும் முந்தியதிலும் பின்னுக்குச் செல்கின்றது. சொல்வரிசையைத் தலைகீழாக்கினால் நிகழ்ச்சி வரிசை பெறப்படும். தாய் இராகலையில் இறங்கியபோது இரயிலும் இருந்தது, துண்டும் இருந்தது. எனவே அவ்வருகை 1904க்கும் 1921க்கும் இடைப்பட்டது. கைக்குழந்தையாய் வந்தவனின் பிறப்பும் அதனால் ஓரளவு வரையறையாகின்றது. பின்னர் அவன் ஊர்ப் பயணம். அதன்பின் குடியுரிமை விண்ணப்பம். இறுதியில், இந்தியாவுக்கு 5,25,000 பேரை அனுப்ப உடன்பட்ட 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவான புறப்பாடு. இதுவரை இடர்ப்பாடில்லை.

இடர்ப்பாடு ஊர்ப் பயணத்தின் ஆண்டிலேதான் உள்ளது. "வோட்டுப் போட்ட மறு வருசம்" என்பது எது? சர்வசன வாக்குரிமையின் கீழ் அரசாங்க சபைக்கான முதல் தேர்தல் 1931இலும் இரண்டாவது 1936இலும் நடைபெற்றன. முதலாவதாயின் பயணம் 1932இல் தொடங்கியிருக்கும், இரண்டாவதாயின் 1937இல். பிற்கால வாசகனுக்கு இவ்வைந்தாண்டு இடைவெளி பொருட்டாகத் தோன்றாதிருக்கலாம். ஆனால் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (பிரசாவுரிமை)ச் சட்டத்தின் முன் அதுவே வாழ்வின் முடிவு ஆயிற்று.

அச்சட்டப்படி விண்ணப்பதாரர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு உடன் முந்திய காலத்தில் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டும். மணமானோர்க்கு 7 ஆண்டு, மணமாகாதோர்க்கு 10 ஆண்டு. ஒரு முறையில் 12 மாதத்திற்கு மேற்படாத வெளியூர் வாசம் மன்னிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டது வதிவை முறித்தது. மணமாகாத இக்கொழுந்தனுக்கு எனவே 1936 ஜனவரி முதல் கணக்கு தொடங்கும். பயணம் 1932இல் தொடங்கி, இரண்டு வெள்ளாமை கண்டு, 1935 முடிவதற்குள் திரும்பியிருந்தால் அது கணக்கிற்கு வெளியே நிற்கும். 1937இல் தொடங்கியிருப்பின் இரண்டு வெள்ளாமைக் காலம் வதிவை முறித்துவிடும். அவன் மணமானவனாய் இருந்து 1938 முடிவதற்குள் திரும்பியிருப்பின், அதே 1937ஆம் ஆண்டுப் பயணங்கூட அவனுக்குத் தீங்கு செய்யாது. அவன் கணக்கு 1939 ஜனவரியில் அல்லவா தொடங்கும்? பயணம் ஒன்றே, கூற்றும் ஒன்றே. எந்த வோட்டு என்பது மட்டுமே வேறுபாடு.

இந்நிலையில் வேறு குறிகளைத் தேடவேண்டும். பயிற்சியற்ற தொழிலாளர் புறப்பாட்டை இந்திய அரசு 1939 ஆகஸ்டில் தடை செய்தமையால், அவன் தடையின்றித் திரும்பினான் என்பது பயணத்திற்கு ஒரு மேல் எல்லையைத் தரும். ஆயின் இரு தேர்தல்களுள் ஒன்றைத் தெரிய அது போதாது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்ட செய்தி வந்தபோது அவன் தோட்டத்தில் இருந்தான் என்பதும் அவ்வாறே. பயன்தரக்கூடியது இரு தேர்தல்களுக்கும் இடையே விழும் ஒரு குறியே. வீட்டில் எந்தப் பிள்ளை அப்போது பிறந்திருந்தது, அப்பிள்ளையின் பிறப்புப் பதிவு எந்த ஆண்டினது, தோட்டத்துச் செக்ரோலில் அவன் பெயர் எந்த மாதங்களில் இல்லை என்பன அத்தகையவை. பிள்ளையின் வயதே லயத்தின் மிகச் சிறந்த கடிகாரம். தொழிலாளியின் கதையை ஆண்டெண்ணாக மாற்றுவதற்குத் தேவையான ஆவணம் பெரும்பாலும் துரையின் அலுவலகத்தில் இருந்தது என்பது வர்க்க உறவின் ஒரு முகமாகும். காலத்தை அனுபவித்தவன் ஒருவன். அதனைப் பதிவு செய்து வைத்திருந்தவன் மற்றொருவன்.

ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஏனையோர் அனைவரும் காலவரிசைக் குழப்பத்தினாலே தள்ளப்பட்டனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. சட்டத்தின் நோக்கமே பெரும்பான்மையோரை விலக்குவதாய் இருந்தது. ஆயின் அந்நோக்கம் கையாண்ட கருவிகளுள் ஒன்று, நாட்காட்டியில்லாத நினைவிடம் நாட்காட்டியைக் கேட்டது என்பதை மறுத்தல் இயலாது.

இதிலிருந்து எழுத்தாளர்க்குச் சில பெறப்படுகின்றன. பின்னோக்கில் நுழையும் வாயிலைத் தமிழ் வினையமைப்பே தரவல்லது. "வந்திருந்தாள்", "சொல்லியிருந்தான்" என்னும் வடிவங்கள் நடப்புக் காலத்துக்கு முந்தியதைக் காட்டுவன. உள்ளே நுழைந்தபின் எளிய இறந்தகாலமே போதும். ஒவ்வொரு வினைக்கும் "இருந்து" சேர்ப்பின் நடை தளரும். பிழை நேர்வது பெரும்பாலும் வெளியேறுமிடத்தில். உள்ளேயும் இறந்தகாலம், வெளியேயும் இறந்தகாலம் ஆதலின், நடப்புக் கதைக்கு மீண்டமையை வினை காட்டாது. அங்கு ஒரு பொருளோ இடமோ செயலோ திரும்ப வரவேண்டும். பெரட்டுத் தப்பு ஒலித்தது, கையிலிருந்த பாஸ்போட்டை மடித்தாள் என்பது போன்ற ஒன்று போதும். அடுத்து, பின்னோக்கினுள்ளே இன்னொரு பின்னோக்கு வருமாயின் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குறி வேண்டும். மூதாட்டியின் கூற்றில் இரயிலும் துண்டும் தாயின் வருகைக்கு மட்டுமே உரியன. ஆதலால் அப்பகுதி தெளிவாயுள்ளது. வோட்டு இரண்டு காலத்துக்கும் பொதுவாயுள்ளது. ஆதலால் அப்பகுதி மயங்குகின்றது. மீண்டும் மீண்டும் நிகழக்கூடியது எதுவும் தனித்த காலக்குறியாகாது.

இவ்வுத்தி விடயம் கருத்துநிலை விடயமுமாகும். தோட்ட வாழ்வைப் பாடும் எழுத்துகளில் "அந்தக் காலம்" என்னும் வரையறையற்ற பின்னோக்கு எளிதில் இடம்பெறும். கங்காணியின் பிரம்பு, பசி, நாடற்ற நிலை ஆகிய யாவும் அதில் ஒன்றாய்க் கலந்து, இம்மக்கள் என்றும் இவ்வாறே இருந்தனர் என்ற தோற்றத்தைத் தரும். அது ஊழ்வினைக் கதையின் மறுவடிவமே. மூதாட்டியின் வாயில் வந்த "வோட்டுப் போட்ட மறு வருசம்" என்னும் சொற்கள் அதனை உடைக்கின்றன. 1931இலும் 1936இலும் 1947இலும் வாக்களித்த மக்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தாலும் பின்னரே வாக்கற்றவராயினர். அவர்தம் நாடற்ற நிலையை முடிப்பதற்கான சட்டம் நிறைவேற 2003 வரை செல்லவேண்டியிருந்தது. முதலில் உரிமை இருந்தது, பின்னர் பறிக்கப்பட்டது என்பதே உண்மையான வரிசை. கதை எங்கிருந்தும் தொடங்கலாம். ஆனால் வாசகன் நூலை மூடும்போது இவ்வரிசை அவன் மனத்தில் நேராக நிற்றல் வேண்டும்.