மைசூர்பாக்: ஒரு கப் மாவுக்கு ஏன் இரண்டு கப் நெய்?

தீபாவளி நெருங்கினால் ஜொகூர் பாரு லிட்டில் இந்தியா கடைகளிலும் தோட்டத்து வீடுகளிலும் காணப்படும் பலகாரங்களுள் மைசூர்பாக்கும் ஒன்று. மைசூர் அரண்மனையில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் காகாசுர மாதப்பா என்ற சமையற்காரர் இதை முதலில் செய்தார் எனக் கூறப்படுகிறது. 'பாக்' என்பது சீனிப்பாகைக் குறிக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. கடைகளில் மிருதுவாக, வாயில் வைத்ததும் கரைவது ஒன்று. உடைத்தால் தேன்கூடு போல் துளைகள் தெரிவது பழைய வகை. துளை விழும் வகைக்கு அளவு எளிது: ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சீனி, இரண்டு கப் நெய், பாகுக்கு ஒரு கப் தண்ணீர்.

நெய் விலையைப் பார்த்துப் பலர் அதை ஒரு கப்பாகக் குறைத்து விடுகின்றனர். கட்டி செங்கல்லாக இறுகுவதற்கு அதுவே முக்கியக் காரணம். இங்கே நெய் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. மாவைப் பாகுக்குள்ளேயே பொரிப்பதும் அதுதான். நன்கு சூடான நெய் பட்டதும் பாகிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழ் விடுகிறது. குமிழைச் சுற்றியுள்ள சீனி ஆறி இறுகும்போது துளை அப்படியே நின்றுவிடுகிறது. நெய் போதாவிட்டால் சூடும் போதாது, குமிழும் எழாது.

ஆகவே, பக்கத்து அடுப்பில் நெய் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும், சலித்த மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். பிறகு ஒவ்வொரு கரண்டியாக நெய்யை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது 'சொய்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் நெய்யின் சூடு பற்றாது. ஊற்றிய நெய்யை மாவு உறிஞ்சிய பிறகே அடுத்த கரண்டி.

கலவை நுரைத்துப் பொங்கி, சட்டியில் ஒட்டாமல் திரண்டு, நெய்யைக் கக்கத் தொடங்குவதே இறக்கும் பதம். முன்னதாக இறக்கினால் அல்வா போல் தங்கிவிடும். சற்றுத் தாமதித்தால் பொடிப்பொடியாக உதிரும்.

உடனே நெய் தடவிய ஆழமான தட்டில் கொட்ட வேண்டும். கரண்டியால் அழுத்திச் சமப்படுத்தினால் துளைகள் நசுங்கிவிடும். இளஞ்சூட்டிலேயே கத்தியால் கோடு போட்டு, தட்டைச் சாய்த்து வைத்தால் மிஞ்சிய நெய் வடியும். அதை வேறு சமையலுக்குப் பயன்படுத்தலாம் என்பதால் இரண்டு கப்பும் இனிப்பிலேயே போய்விடுவதில்லை.

வெட்டிய துண்டின் நடுப்பகுதி பொன்பழுப்பாகவும் மேலும் கீழும் வெளுத்தும் இருந்தால் பதம் சரி. ஓரங்கள் விரைவில் ஆறிவிட, நடுவில் தங்கிய சூட்டில் மாவு மேலும் சிவப்பதால் வரும் நிறம் அது.

சிக்கனம் வேண்டுவோர் நெய்யில் பாதிக்குச் சமையல் எண்ணெய் சேர்ப்பதுண்டு. துளை விழும், மணம் குறையும், கையிலும் எண்ணெய் ஒட்டும். ஜொகூரின் மழைக்காலக் காற்றில் சீனி ஈரம் இழுக்கும் என்பதால், முழுதும் ஆறிய பிறகே காற்றுப் புகாத டின்னில் அடைக்க வேண்டும்.