எட்டு எம்.பி. கோப்பு பத்து எம்.பி. வாசலில் ஏன் நிற்கிறது?

மின்னஞ்சல் படம் அனுப்புவதற்காகப் பிறந்ததல்ல. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளின்படி அதில் சாதாரண ஆங்கில எழுத்துகள் மட்டுமே போக முடியும். படம், பாட்டு எல்லாம் 1992-இல் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் கொண்டுவந்த மைம் முறைக்குப் பிறகு பரவியவை. அவர்கள் பழைய பாதையை இடிக்கவில்லை. கோப்பையே எழுத்துகளாக வேடம் மாற்றி அதே பாதையில் அனுப்பினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

பேஸ்64 என்ற அந்த வேடத்தில் 3 பைட் 4 எழுத்தாகிறது. போதாததற்கு 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முறிக்க 2 பைட். 80 லட்சம் பைட் உள்ள ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். எழுத்தாக மாறியதும் அது ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சத்து 47 ஆயிரம் பைட் ஆகிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பிரபல அஞ்சல் மென்பொருள், யாரும் மாற்றாவிட்டால், 1 கோடியே 2 லட்சத்து 40 ஆயிரம் பைட் வரைதான் ஏற்கும். "என் கோப்பு 8 எம்.பி. தானே!" என்று நாம் சண்டை பிடிப்போம். வாசலில் இருப்பவர் பார்ப்பது வீங்கிய எடையை!

ஆரம்பத்தில் நிலைமை இன்னும் மோசம். கடிதம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகே பெரியது என்று தெரியும். டயல்-அப் காலத்தில் அது எத்தனை நிமிடம் வீண் என்று நினைத்துப் பாருங்கள். 1990-களில் வந்த SIZE நீட்டிப்பு இதைச் சரிசெய்தது. அனுப்புகிறவர் எடையை முதலிலேயே சொல்ல, மறுப்பும் உடனே வந்துவிடும்:

```
MAIL FROM:<a@example.com> SIZE=10947370
552 5.3.4 Message size exceeds fixed limit
```

திரும்பி வந்த கடிதத்தில் 552 என்ற எண்ணும் 5.3.4 என்பதும் இருந்தால் காரணம் அளவுதான். மறுபடி மறுபடி அனுப்பிப் பயனில்லை.

இந்தக் கெடுபிடி ஏன்? வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் கடிதத்தை முழுதாக வாங்கி வட்டில் வைத்த பிறகே அடுத்ததற்குக் கொடுக்கும். பாதியில் தொடர்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெறுபவரோ, கேட்காமலே அவருடைய பெட்டி நிரம்பும்.

சுட்டி இதைத் தலைகீழாக்குகிறது. கோப்பு ஒரே இடத்தில் இருக்கும், கடிதத்தில் முகவரி மட்டும் போகும். வேண்டியவர் வேண்டியபோது இறக்கிக்கொள்வார். அங்கே பேஸ்64 வேடம் தேவையில்லை. பாதியில் நின்றால், சர்வர் அனுமதித்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். 2012-இல் ஜிமெயில் தன் கடிதப் பெட்டியிலேயே டிரைவ் சுட்டியைச் சேர்க்க வழி செய்து, 10 ஜி.பி. வரை அனுப்பலாம் என்றது.

ஆனால் அட்டாச்மென்ட் பெறுபவரிடம் தங்கிவிடும், சுட்டி தங்காது. அனுப்பியவர் கோப்பை அழித்தாலோ, கெடு முடிந்தாலோ, பார்க்கும் அனுமதி கொடுக்க மறந்தாலோ அங்கே வெறும் முகவரிதான் மிஞ்சும். வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் வேறு கணக்கிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.