விரலுக்குச் சிக்காத ஆலிவ்: பைலோரஸ் தசையை அல்ட்ராசவுண்ட் அளக்கத் தொடங்கிய வரலாறு

பிறந்து மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆன குழந்தை, குடித்த பாலைப் பீய்ச்சியடித்துக் கக்குகிறது. கக்கியதில் பித்தத்தின் பச்சை நிறம் இல்லை. கக்கி முடித்த கையோடு மறுபடி பசித்து அழுகிறது. இப்படி ஒரு குழந்தை வந்தால் குழந்தை மருத்துவர் முதலில் நினைப்பது பைலோரிக் ஸ்டினோசிஸ் என்ற நோயைத்தான். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் வாய்க்குப் பைலோரஸ் என்று பெயர். அதைச் சுற்றியுள்ள தசை தடித்துப்போய்ப் பால் இறங்கும் வழியை நெரித்துவிடுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இது நான்கைந்து மடங்கு அதிகம். இதைக் கண்டுபிடிக்கும் வேலை மருத்துவரின் விரலிலிருந்து அல்ட்ராசவுண்ட் திரைக்கு எப்படிப் போனது, அங்கே தசையின் தடிமன் என்ற ஓர் எண்ணாக எப்படிச் சுருங்கியது, அந்த எண்ணும் ஏன் 4 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆக இறங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோய்க்குத் தெளிவான உருவம் கொடுத்தவர் கோபன்ஹேகனின் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங். இறந்துபோன இரண்டு குழந்தைகளின் உடற்கூறு ஆய்வில் தடித்த பைலோரஸைக் கண்டு 1888இல் அவர் எழுதினார். அதற்கு முன்பும் சிலர் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் தனி நோயாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது அவருடைய விவரிப்புக்குப் பிறகுதான். 1911இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் கான்ராட் ராம்ஸ்டெட் தடித்த தசையை நீளவாக்கில் கீறிவிட்டு, அதைக் குறுக்காகத் தைக்கப் பார்த்தார். விறைத்த தசையில் தையல் நிற்காமல் அறுத்துக்கொண்டு வந்தது. தைக்காமலே விட்டாலும் போதும் என்பது அங்கிருந்துதான் தெரிந்தது. உட்சவ்வைத் தொடாமல் தசையை மட்டும் பிளந்து திறந்தபடி விடுகிற அந்த முறைதான் இன்றும் நடக்கிறது.

சிகிச்சை கைக்கு வந்ததும் சரியான நேரத்தில் கண்டுபிடிப்பது முக்கியமாயிற்று. அதற்கு இருந்த கருவி விரல். குழந்தையின் இரைப்பையைக் குழாய் வழியே காலி செய்து, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவிட்டு, அழுகை அடங்கி வயிறு தளர்ந்திருக்கும் வேளையில் தொப்புளுக்கு மேலே, நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக, கல்லீரல் விளிம்புக்குக் கீழே விரல் நுனிகளை மெல்ல அழுத்த வேண்டும். ஆலிவ் காய் அளவில், கெட்டியாக, விரலுக்கடியில் நழுவுகிற உருண்டை ஒன்று தட்டுப்படும். அதைத்தான் மருத்துவ நூல்கள் ஆலிவ் என்கின்றன. அது தெளிவாகத் தட்டுப்பட்டால் வேறு சோதனையே வேண்டாம், நேரே அறுவை அரங்குக்குப் போகலாம். ஆனால் வயிறு உப்பியிருந்தாலோ, குழந்தை அழுதுகொண்டே இருந்தாலோ, பார்ப்பவருக்குப் பொறுமை இல்லாவிட்டாலோ ஆலிவ் சிக்காது. அப்போது கைகொடுத்தது பேரியம் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே. நூல்போல் மெலிந்த வழியில் பேரியம் இறங்குவதை அதில் பார்க்கலாம். ஆனால் தெரிவது உள்ளிருக்கும் வழி மட்டும்தான். நோய் குடியிருக்கும் தசை அதில் தெரியாது.

தசையையே காட்டியது அல்ட்ராசவுண்ட். பாஸ்டனைச் சேர்ந்த ரீட்டா டீல், எட்வர்ட் ஸ்மித் இருவரும் 1977இல் இந்நோயைக் கண்டறிய அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். குறுக்குவெட்டில் கருமையான தசை வளையமும் நடுவே வெளிறிய உட்சவ்வும் தெரிந்தன. விரல் தேடிய ஆலிவைக் கண் பார்த்துவிட்டது. ஆனால் எவ்வளவு தடித்தால் நோய் என்ற கேள்வி பாக்கி இருந்தது. 1983இல் ப்ளம்ஹேகன், நோபிள் இருவரும் மொத்த உருண்டையை அளப்பதைவிட ஒருபக்கத் தசையின் தடிமனை அளப்பதே நம்பகமானது என்று காட்டினார்கள். 4 மில்லிமீட்டர் என்ற வரம்பு அங்கிருந்து பரவியது.

அந்த வரம்பு பிறகு தளர்ந்ததற்குக் காரணம் குழந்தைகளின் உடல் மாறியதல்ல என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் ஸ்கேனுக்கு வந்தவர்களில் பலர் நோய் நன்றாக முற்றியவர்கள். பெற்றோர் சீக்கிரமே மருத்துவமனைக்கு வரத் தொடங்கியபோது, தசை இன்னும் முழுதாகத் தடிக்காத, ஆலிவ் கைக்குத் தட்டுப்படாத குழந்தைகள் ஸ்கேனுக்கு வந்தார்கள். கருவிகளும் கூர்மையாயின. 1994இல் நாஷ்வில்லைச் சேர்ந்த மார்ட்டா ஹெர்னான்ஸ்-ஷுல்மன் குழுவினர், ஆலிவ் தட்டுப்படாத குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 3 மில்லிமீட்டர் என்ற வரம்பை வைத்தே மிகத் துல்லியமாக நோயைப் பிரிக்க முடிந்தது என்றார்கள். விரல் எங்கே தோற்றதோ அங்கேயே ஸ்கேனைச் சோதித்தது அந்த ஆய்வின் பெருமை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்கேன் எளிதாகக் கிடைக்கக் கிடைக்க, விரலால் தேடும் பயிற்சி தேய்ந்தது. அந்தக் கலை அழிந்துவருகிறது என்ற கவலையை 1993லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது.

எண் நிலைபெற்றதும் அதன் பலவீனமும் தெரியவந்தது. புரோபைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் தசை சாய்வாக வெட்டுப்பட்டு, 2 மில்லிமீட்டர் தசை 3 போலத் தோன்றும். அதனால் வழியின் நடுக்கோடு நேராகத் தெரியும் நீளவெட்டில், கருமையான தசைப் படலத்தை மட்டும், உட்சவ்வைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை பைலோரஸ் தற்காலிகமாக இறுகுவது. இறுகிய கணத்தில் நல்ல தசையும் தடித்துத் தெரியும். சில நிமிடத்தில் விட்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 20 நாள் ஆண் குழந்தை, இரண்டு நாளாக வாந்தி, ஆலிவ் தட்டுப்படவில்லை. குழந்தையை வலப்பக்கம் சற்றுத் திருப்பிப் படுக்கவைத்து, கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கிறார்கள். தண்ணீர் பைலோரஸ் பக்கம் தேங்கி, காற்றை விலக்கிப் படத்தைத் தெளிவாக்கும். பித்தப்பையை அடையாளமாக வைத்துத் தேடினால் அதன் அருகிலேயே பைலோரஸ் கிடைக்கிறது. தசை 2.7 மில்லிமீட்டர், வழியின் நீளம் 14 மில்லிமீட்டர். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒருமுறை வாய் திறந்து கொஞ்சம் தண்ணீர் கடந்தது. நோய் உறுதியாகவில்லை, இல்லை என்றும் சொல்வதற்கில்லை, ஏனெனில் இந்த வயதில் தசை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி ஸ்கேன் செய்தபோது தசை 3.6, நீளம் 18. இம்முறை எவ்வளவு நேரம் காத்திருந்தும் வாய் திறக்கவில்லை. நெருங்கிய உட்சவ்வு மடிப்புகளுக்கிடையே தண்ணீர் இரண்டு மெல்லிய கோடுகளாகத் தெரிகிறது. தடித்த உட்சவ்வு இரைப்பைக்குள் முலைக்காம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது சந்தேகமில்லை.

ஆனாலும் உடனே அறுவை செய்வதில்லை. வாந்தியோடு அமிலம் வெளியேறியதில் குழந்தையின் இரத்தத்தில் குளோரைடு 90ஆக இறங்கி, பைகார்பனேட் 32ஆக ஏறியிருக்கிறது. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் அறுவைக்குப் பின் மூச்சு நின்றுபோகலாம். சிரை வழியே உப்புநீரும், சிறுநீர் நன்றாகப் போவதைப் பார்த்தபின் பொட்டாசியமும் கொடுத்து, குளோரைடு 100ஐத் தாண்டி பைகார்பனேட் 30க்குக் கீழ் இறங்கும்வரை காத்திருப்பார்கள். அவசரம் உடல் உப்புகளைச் சீராக்குவதில்தான். அறுவை ஒரு நாள் பொறுக்கும்.

ஹெர்னான்ஸ்-ஷுல்மன் 2003இல் எழுதிய விரிவான மதிப்பாய்வில், தசையின் எண்ணைவிட வழியின் முழு உருவமும், அது திறக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பதும் முக்கியம் என்றார். மேற்சொன்ன குழந்தையின் முதல் ஸ்கேனும் இரண்டாவது ஸ்கேனும் வேறுபட்டது முக்கியமாக அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பில்தான். அறுவைக்குப் பிந்தைய ஸ்கேன்களும் இதையே காட்டுகின்றன. தசையைப் பிளந்தபின் பால் இறங்கத் தொடங்கிவிடும். குழந்தை எடை கூடும். தசையின் தடிமன் மட்டும் இயல்புக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அறுவை முடிந்த சில நாளில் மறுபடி வாந்தி எடுக்கும் குழந்தைக்கு, தசை இன்னும் 4 மில்லிமீட்டர் இருப்பதை வைத்து அறுவை தோற்றது என்று முடிவு செய்யக் கூடாது. பால் கடந்து போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.