வண்டியை எங்கே விடுவது? பாரிஸ் பொதுச் சைக்கிள் நிலையங்களின் வரலாறு

நகரத்துக்குப் பொதுவான சைக்கிளை ஓரிடத்தில் எடுத்து, வேறோர் இடத்தில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதே பொதுச் சைக்கிள் திட்டங்களின் அடிப்படை. வாடகைக் கடையில் எடுத்த வண்டியை அதே கடைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. போகும்போது சைக்கிள், திரும்பும்போது மெட்ரோ என்று பயணத்தைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் ஒரு வழியில் மட்டும் ஓட்டினால், வண்டிகள் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் தீரும். கடந்த அறுபது ஆண்டுகளில் இத்திட்டங்களில் வந்த மாற்றங்கள் பலவும், வண்டியை எங்கே விடுவது என்ற ஒரே கேள்விக்குத் தேடிய விடைகள் என்பது என் கருத்து. மேடும் பள்ளமுமான பாரிஸ் நகரத்தில் அந்தத் தேடல் தெளிவாகத் தெரிவதால், இக்கட்டுரை பாரிஸை மையமாக எடுத்துக்கொள்கிறது.

நிலையம் இல்லாத தொடக்கம்

1965-இல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளைஞர் இயக்கம் வெள்ளைச் சைக்கிள் திட்டத்தை முன்வைத்தது. அதை வகுத்தவர் லூட் ஸ்கிமெல்பெனிங்க். மாநகராட்சி ஆண்டுதோறும் 20,000 சைக்கிள்களை வாங்கி வெள்ளையடித்துத் தெருவில் விட வேண்டும், தேவைப்பட்டவர் எடுத்து ஓட்டிப் போன இடத்தில் விட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. மாநகராட்சி ஏற்கவில்லை. இயக்கத்தினர் தாங்களே சில வண்டிகளுக்கு வெள்ளையடித்து விட்டபோது, பூட்டாமல் சைக்கிளை விடுவது சட்டப்படி தவறு என்று போலீஸ் அவற்றைக் கைப்பற்றியது. பிறகு எண்பூட்டு மாட்டி, அதைத் திறக்கும் எண்ணை வண்டியின் மேலேயே எழுதிவைத்தார்கள்.

இந்தத் திட்டத்தில் நிலையமும் இல்லை, எடுத்தவர் யார் என்ற பதிவும் இல்லை. வண்டி கண்ணில் பட்டால் உண்டு. எங்கே கிடைக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதே ஸ்கிமெல்பெனிங்க் 1974-இல் தொடங்கிய விட்கார் என்ற சிறு மின்கார்த் திட்டத்தைச் சைக்கிள் வரலாற்றிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காரை எடுப்பவர் போக விரும்பும் நிலையத்தை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். அங்கே இடம் இருக்கிறதா என்று கணினி பார்த்துச் சொல்லும். சேரும் இடத்தில் காலி இடம் வேண்டும் என்பதை வண்டி கிளம்புவதற்கு முன்பே யோசித்த திட்டம் அது. பின்னால் வந்த பெரிய சைக்கிள் திட்டங்கள் இந்த வழியைப் பின்பற்றவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1995-இல் கோபன்ஹேகன் தன் சைக்கிள்களை நிறுத்துமிடங்களில் கட்டிவைத்தது. சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைப் போல 20 குரோனர் நாணயத்தைப் போட்டால் பூட்டு திறக்கும். எந்த நிறுத்துமிடத்திலாவது திருப்பி மாட்டினால் நாணயம் வெளியே வரும். நிலையம் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் நாணயத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. வண்டி திரும்பாவிட்டால் கேட்க யாரும் இல்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் 1996-இலும், பிரான்சின் ரென் நகரம் 1998-இலும் நாணயத்துக்குப் பதிலாக அட்டையைக் கொண்டுவந்தன. எடுத்தவர் யார், எப்போது எடுத்தார், எங்கே விட்டார் என்பது பதிவாகத் தொடங்கியது.

லியோனிலிருந்து பாரிஸுக்கு

அட்டை முறையைப் பெரிய அளவில் நிரூபித்த நகரம் லியோன். 2005 மே மாதம் அங்கே தொடங்கிய வெலோவ் திட்டத்தில் முதல் அரைமணி நேரம் இலவசம். அந்த அரைமணி ஏன் போதுமானது என்பதை லியோனின் பயணப் பதிவுகளே காட்டின. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு 1 கோடியே 16 லட்சம் பயணங்களை அலசியது: சராசரிப் பயணம் 2.49 கிலோமீட்டர், ஆன நேரம் 14.7 நிமிடம். வண்டியை விட இடம் தேடுவதற்கு இன்னொரு கால்மணி கையில் மிஞ்சும் என்று அர்த்தம். இலவச நேரம் முடிந்ததும் கட்டணம் ஏறுவதால், வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் விட்டுவிடவே எவரும் நினைப்பார். அடுத்தவருக்கு வண்டி கிடைக்கும்.

பாரிஸில் மேயர் பெர்த்ராந் தெலனோயே காலத்தில், 2007 ஜூலை 15 அன்று வெலிப் தொடங்கியது. லியோனை நடத்திய அதே ஜே.சி. தெகோ நிறுவனம், நகரத்தின் விளம்பரப் பலகைகளை நடத்தும் உரிமைக்கு ஈடாக இதை ஏற்று நடத்தியது. தொடக்கத்தில் சுமார் 10,000 சைக்கிள்கள், 750 நிலையங்கள். பிறகு இரண்டும் ஏறக்குறைய இரட்டிப்பாக்கப்பட்டன. நிலையத்துக்கு நிலையம் சுமார் 300 மீட்டர் தூரம் என்பது வகுத்த அளவு. ஒரு நிலையம் கைவிட்டாலும் நாலைந்து நிமிட நடையில் அடுத்ததை அடைந்துவிடலாம் என்ற கணக்கில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. இந்த இடைவெளி விரிந்துபோன நகரத்தில் ஒருவழிப் பயணத்தை நம்பிக் கிளம்ப முடியாது.

மேடு கேட்ட விலை

நகரத்தின் வடக்கே மோன்மார்த் குன்று, செய்ன் ஆற்றங்கரையைவிட ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே பெல்வில் பகுதியும் மேடுதான். வெலிப் சைக்கிளோ 22 கிலோ எடை, மூன்றே கியர். காலையில் மேட்டிலிருந்து வேலைக்கு இறங்குபவர் சுகமாக ஓட்டிப் போவார். மாலையில் அதே எடையை மிதித்து ஏறாமல் மெட்ரோவில் வீடு திரும்புவார். குன்றின் மேல் நிலையங்கள் காலியாகிக்கொண்டே போயின, அலுவலகங்கள் நிறைந்த தாழ்வான பகுதிகளில் வண்டி விட இடமில்லை.

லாரிகளில் வண்டிகளை ஏற்றி மேலே கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கிய வேகத்தில் அவை மீண்டும் கீழே வந்தன. 2008 கோடையில் வேறொரு வழி வந்தது: சுமார் 60 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஏறத்தாழ நூறு நிலையங்கள் வெ-பிளஸ் என்று குறிக்கப்பட்டன. அங்கே வண்டியைக் கொண்டுபோய் விட்டவருக்குப் பதினைந்து நிமிடம் கூடுதல் இலவச நேரம். லாரி செய்யும் வேலையை ஓட்டுபவரே செய்தால் அதற்குக் கூலி தருவது என்ற கருத்து நியாயமானது. ஆனால் பதினைந்து நிமிடத்தின் மதிப்பு, அரைமணியைத் தாண்டி ஓட்டுபவருக்குத்தான் தெரியும். அரைமணிக்குள் முடித்துவிடுகிறவருக்கு அந்த நேரம் பயன்படாது. பெரும்பாலான பயணங்களோ அப்படிக் குறுகியவை. ஆகவே இது ஏற்றத்தாழ்வைக் குறைத்திருக்குமே தவிர நீக்கியிருக்க முடியாது. லாரிகளும் நிற்கவில்லை.

ஒரு காலைப் பயணம்

2008-இல் மோன்மார்த்தின் சரிவில், அபெஸ் பக்கம் குடியிருந்த ஒருவர் காலை ஒன்பது மணிக்கு ஓப்பெரா பக்கம் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும், முழுக்க இறக்கம். நிலையத்தில் ஒரே ஒரு வண்டி நிற்கிறது. அந்த நேரத்தில் தனித்து நிற்கும் வண்டியைச் சந்தேகிக்க வேண்டும்; முன்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் பார்த்து ஒதுக்கிய வண்டியாக இருக்கலாம். சீட்டு பின்பக்கம் திருப்பியிருந்தால் வண்டி பழுது என்பது பாரிஸ்வாசிகள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட அடையாளம். சீட்டு நேராகவே இருந்தாலும் டயரை அழுத்திப் பார்த்து, செயினையும் பிரேக்கையும் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் ஓப்பெரா வந்துவிடும். நிலையம் நிறைந்திருக்கிறது. அவசரத்தில் வண்டியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் போனால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் 150 யூரோ காப்புத்தொகைக்கே ஆபத்து. சரியான வழி, நிலையத்தின் கட்டணத் தூணில் தன் அட்டையைக் காட்டுவது. நிலையம் நிறைந்ததை இயந்திரம் அறிந்து இன்னொரு பதினைந்து நிமிடத்தைச் சேர்க்கும். பக்கத்து நிலையங்களில் எங்கே இடம் இருக்கிறது என்றும் காட்டும். இலவச அரைமணியில் இருபது நிமிடம் மீதம், சேர்ந்தது பதினைந்து: முப்பத்தைந்து நிமிடம் கையில் இருக்கிறது. இனி எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் கேள்வி. எல்லோரும் வேலைக்குப் போகும் திசையிலேயே முன்னால் போனால் அடுத்த நிலையமும் நிறைந்திருக்கும். வந்த வழியே, கொஞ்சம் மேட்டுப் பக்கம், குடியிருப்புத் தெருக்களை நோக்கித் திரும்பினால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வண்டியைப் பூட்டுத்தூணில் தள்ளியதும் விளக்கும் ஒலியும் உறுதி சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும். இழுத்துப் பார்த்தால் அசையக் கூடாது.

இரண்டு எண்கள்

இந்தத் தேடலை மாற்றியது கைப்பேசி. நிலையத்துக்குப் போய்த் தெரிந்துகொண்டதைக் கிளம்பும்போதே பார்க்க முடிந்தது. 2015-இல் வட அமெரிக்கச் சைக்கிள் பகிர்வுச் சங்கம், நிலைய விவரங்களை எல்லா நகரங்களும் ஒரே வடிவில் வெளியிடுவதற்கான GBFS என்ற பொதுத் தரத்தை ஏற்றது. பல செயலிகள் அதைப் படிக்கின்றன. அதில் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண்கள் தனித்தனியாக உண்டு:

```
"num_bikes_available": 2,
"num_docks_available": 28
```

முதலாவது எடுக்கக் கிடைக்கும் சைக்கிள்கள், இரண்டாவது விடக் கிடைக்கும் இடங்கள். இரண்டையும் கூட்டினால் நிலையத்தின் மொத்தக் கொள்ளளவு வர வேண்டும் என்பதில்லை; பழுதான வண்டியும் பழுதான தூணும் கணக்கில் குறையும். கூட்டுத்தொகை கொள்ளளவைவிட மிகவும் குறைந்திருந்தால் அந்த நிலையத்தில் கோளாறு என்று கொள்ளலாம். `last_reported` என்ற நேரக்குறி பழையதாக இருந்தால் எண்களை நம்ப வேண்டியதில்லை.

2018 தொடக்கத்தில் வெலிப் திட்டம் ஸ்மொவெங்கோ என்ற கூட்டமைப்பின் கைக்கு மாறியது. நிலையங்களைப் புதிதாக நிறுவுவதில் ஏற்பட்ட தாமதத்தால் ஜனவரி முதல் தேதி திறந்தவை வாக்களித்த எண்ணிக்கையில் சிறு பங்கே. பல நிலையங்களுக்கு மின்னிணைப்பு வராமல் பேட்டரியில் ஓடின. பயணிகளுக்கு அது கடினமான ஆண்டு. ஆனால் புதிய வடிவமைப்பில் பழைய சிக்கலுக்கு ஒரு நேரடி விடை இருந்தது: நிலையம் நிறைந்திருந்தால், நிற்கும் வண்டிகளுக்கு நடுவே தன் வண்டியை நிறுத்தி, வண்டியிலேயே உள்ள கம்பியால் பூட்டிவிடலாம். மின் சைக்கிள்களும் சேர்ந்ததால் மேடு ஏறுவது முன்பு போன்ற தடை இல்லை.

அதே காலத்தில் நிலையமே தேவையில்லை, எங்கும் விடலாம் என்று கோபீ போன்ற நிறுவனங்கள் பாரிஸுக்கு வந்தன. வண்டிகள் உடைக்கப்பட்டும் திருடப்பட்டும் போனதால், 2018 பிப்ரவரியில் கோபீ பிரான்ஸை விட்டே வெளியேறியது. நிலையமில்லாத முறை ஆம்ஸ்டர்டாமின் பழைய கேள்வியையே மீண்டும் எழுப்பியது என்று நான் கருதுகிறேன். நிலையங்களோடு வெலிப் தொடர்ந்தது.

பொதுச் சைக்கிள் திட்டம் வகுக்கும் நகராட்சிகளை வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் அறிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பூட்டுத்தூண்கள், நிலையங்களுக்கு இடையே எத்தனை மீட்டர், காலை ஒன்பது மணிக்கு எத்தனை தூண்கள் காலியாக இருக்கின்றன என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளம்புமுன் சேரும் இடத்தின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிலையத்தையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.