பிரான்சில் வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்கள் முகவரியை நிரூபிப்பது எப்படி?

வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும்போது, ஆறு மாதங்களுக்கு உட்பட்ட முகவரிச் சான்று ஒன்றைப் பிரெபெக்சர் கேட்கும். எம்மவரில் பலர் வாய்ப்பேச்சில் வீடு எடுத்து, வாடகையைக் காசாகக் கொடுத்து வருபவர்கள். அவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

லா கூர்நெவில் சிறிய வீடொன்றில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீடு எழுத்து இல்லாமல் கொடுக்கப்பட்டது. மின்சாரம் வீட்டுக்காரர் பெயரில். கணவர் கைத்தொலைபேசிப் பட்டியலை அனுப்புகிறார். அது ஏற்கப்படாமல், வேறு சான்று கேட்டுப் பதில் வருகிறது. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், நிலையான தொலைபேசி, இணைய இணைப்பு ஆகியவற்றின் பட்டியல்களையே அங்கு எதிர்பார்க்கிறார்கள். கைத்தொலைபேசி எந்த வீட்டோடும் இணைந்ததல்ல.

இவர்களுக்கு எளிய வழி மின்சாரமே. வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஒப்பந்தத்தைத் தம் பெயருக்கு மாற்றலாம். லிங்கி மீட்டரில் + பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் NUMERO DE PRM என்று 14 இலக்க எண் தெரியும். மின் நிறுவனங்கள் பொதுவாக அந்த எண்ணையும் முகவரியையும்தான் கேட்கும். வாடகை ஒப்பந்தத்தை அல்ல. கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவருக்கு மீண்டும் அதே சிக்கல்.

இரண்டாவது வழி வாடகைப் பற்றுச்சீட்டு. எழுத்தில் இல்லாவிட்டாலும் வாடகை உறவு செல்லும். 1989 ஜூலை 6ஆம் திகதிச் சட்டப்படி, வாடகை செலுத்தியவர் கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகப் பற்றுச்சீட்டு தரவேண்டும். எழுத்து ஒப்பந்தத்தையும் கேட்கலாம். காசாகக் கொடுப்பவர்கள் மாதாமாதம் கையோடு பற்றுச்சீட்டை வாங்கிவிடுங்கள்.

உறவினர் வீட்டில் தங்கியிருப்போருக்கு 'அத்தெஸ்தசியோன் தெபெர்ஜுமோ' எனும் தங்குமிட உறுதிக் கடிதம் உண்டு. இருவரின் பெயர், பிறந்த திகதி, முகவரி, எப்போதிலிருந்து தங்குகிறார் என்பவற்றை எழுதி, திகதியிட்டு, இடம் தருபவர் கையொப்பமிட வேண்டும். அவருடைய அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டையின் பிரதியும், அவர் பெயரிலுள்ள முகவரிச் சான்றும் இணைக்கப்பட வேண்டும். இங்கே அடிக்கடி நேரும் பிழை, அவரது வதிவிட அட்டையில் பழைய முகவரியே இருப்பது. வீடு மாறிய மூன்று மாதங்களுக்குள் அதை அறிவிப்பது அவரது கடமை. கடிதம் வாங்குமுன் அவரது அட்டையைப் பாருங்கள்.

தெரிந்தவர் முகவரியைக் 'கடன்' வாங்காதீர்கள். வதிவிட அட்டை பெறுவதற்காகப் பொய்க் கடிதம் எழுதியவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 45,000 யூரோ வரை தண்டமும் விதிக்கப்படலாம். உதவி செய்தவரே மாட்டிக்கொள்வார்.